ராகிங் ஒழிப்பு வாசகம்: "அன்பாய்ப் பழகுவோம்" போதுமா?

மூன்றாம்மாடி எழுதியது:

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஆண்கள் விடுதிக்கு மாணவர் பிரதிநிதி. ஆகஸ்ட் 12 முதல் 18 வரை ராகிங் எதிர்ப்பு வாரம். விடுதிச் சுவரில் ஒரு வாசகம் எழுத வேண்டும். "இந்தத் தடவை பசங்களே எழுதட்டும்" என்று துணை வார்டன் என் தலையில் கட்டிவிட்டார்.

"ராகிங் தண்டனைக்குரிய குற்றம்" என்ற போர்டு ஏற்கெனவே கேட்டிலும் அலுவலக வாசலிலும் இருக்கிறது. அதையே மறுபடியும் எழுதச் சம்மதமில்லை. புதிதாக வருகிற பையனுக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் தைரியம் வர வேண்டும், சீனியருக்கு முகம் சுளிக்கத் தோன்றக் கூடாது. இதுவரை யோசித்தவை:

"அன்பாய்ப் பழகுவோம், ராகிங்கை ஒழிப்போம்"

"வழி மறிக்காதே, வழி காட்டு"

"இன்று ஜூனியர், நாளை சீனியர், என்றும் நண்பர்"

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. எதை எழுதலாம் என்று சொல்லுங்கள்.

---

பிரிவு4 எழுதியது:

தம்பி, அன்பு, நட்பு எல்லாம் சுவருக்கு அழகுதான், ஆனால் யாரும் திருந்த மாட்டான். பயம் வேண்டும். தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை உறுதியானால் கல்லூரியை விட்டு நீக்கம், வேறு எந்தக் கல்லூரியிலும் சேர முடியாது. இதைச் சுருக்கி எழுதுங்கள்.

முதலாமாண்டுக்குத் தனியாக ஒரு வரி: "பயப்படாதே, புகார் கொடு." ஏனென்றால் பாதிக்கப்பட்டவன் தானே எழுதிக் கொடுத்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும். அவன் வாய் திறக்காவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

பிரிவு4 சொன்ன தண்டனை விவரம் சரி. பாதிக்கப்பட்டவன் மட்டும்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சரியில்லை. பெற்றோர், காப்பாளர், ஆசிரியர் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். மாணவன் புகார் கொடுத்தால் முதல்வர் உடனே விசாரித்தாக வேண்டும் என்கிறது நீங்கள் சொன்ன அதே சட்டம். விசாரிக்காமல் விட்டால் அவரும் உடந்தை என்றே சட்டம் வைக்கிறது. யூ.ஜி.சி. 2009இல் கொண்டுவந்த விதிமுறை இன்னும் கடுமை: சேதி காதில் விழுந்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரியே போலீஸுக்குப் போக வேண்டிய குற்றங்கள் அதில் பட்டியலாகவே இருக்கின்றன. ஆகவே "புகார் கொடு" என்று பாரத்தை எல்லாம் வந்து பத்து நாள்கூட ஆகாத பையன் தோளில் ஏற்றாதீர்கள்.

இப்போது வாசகத்துக்கு வருகிறேன். பதினான்கு வருஷம் விடுதியில் இருந்தவன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். அங்கே மாடிப்படி திரும்புகிற இடத்தில் பெரிதாக "அன்புடன் பழகுவோம்" என்று எழுதியிருந்தது. ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ரவுண்ட்ஸ் போகும்போது, அந்த எழுத்துக்குக் கீழேயே நாலு முதலாமாண்டுப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து இன்ட்ரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலை நிமிரக் கூடாது, சட்டைப் பட்டனைப் பார்த்துத்தான் பேச வேண்டும். "என்னடா இது?" என்றேன். கொஞ்சம்கூடப் பதறாமல் ஒருவன் சொன்னான்: "பழகிக்கிட்டு இருக்கோம் சார்." சுவரைக் காட்டி வேறு சொன்னான்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். ராகிங் செய்துகொண்டிருக்கும்போதே அந்த வாசகத்தைக் கூச்சமில்லாமல் அவனால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது அவனுக்குக் குடை.

உங்கள் முதல் வாசகம் அங்கேயே விழுந்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த மூன்றாவது இன்னும் மோசம். "இன்று ஜூனியர், நாளை சீனியர்" என்பதுதான் ராகிங்கின் மந்திரமே. "நாங்களும் வாங்கினோம், நீயும் வாங்கு, அடுத்த வருஷம் உனக்கும் ஆள் வரும்." நீங்கள் நல்ல மனசோடு எழுதியது தெரிகிறது, ஆனால் அந்த வரிசையில் நிற்கிற பையன் காதில் அது இப்படித்தான் விழும்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

சார், இதைப் படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். முதலாமாண்டில் எனக்கு இன்ட்ரோ எடுத்த அண்ணன் கிட்டத்தட்ட இந்த வார்த்தையையே சொன்னார். அதைத்தான் கொஞ்சம் எதுகை போட்டு எழுதி வைத்திருக்கிறேன் போல.

அப்படியென்றால் "வழி மறிக்காதே, வழி காட்டு"?

---

இரட்டைச்சடை எழுதியது:

நான் இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதி. எங்கள் பக்கம் யாரும் யாரையும் அடிப்பதில்லை. அதனால் அதற்கு ராகிங் என்று பெயரே கிடையாது, "ரூல்ஸ்" என்பார்கள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்க வேண்டும், எந்த அக்காவைப் பார்த்தாலும் நின்று விஷ் பண்ண வேண்டும். ஒருத்தியை விட்டுவிட்டால் ராத்திரி அவர் ரூமில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் ஒரு வாரம் மெஸ்ஸுக்குப் போகாமல் பிஸ்கட் சாப்பிட்டே ஓட்டினேன். மெஸ்ஸில்தான் நிறைய அக்காக்கள் இருப்பார்கள், எல்லாருக்கும் விஷ் பண்ணி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. இதையெல்லாம் செய்தது இறுதியாண்டு அக்காக்கள் கிடையாது. அவர்களுக்கு பிளேஸ்மென்ட் கவலை. செய்தது முழுக்க இரண்டாம் ஆண்டு, அதாவது போன வருஷம் அதே சடையோடு திரிந்தவர்கள். இந்த வருஷம் நாங்கள்தான் இரண்டாம் ஆண்டு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி "இப்ப நம்ம டர்ன்" என்று போட்டாள், பதினேழு பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள்.

அதனால் "சீனியர்" என்று பொதுவாக எழுதினால் இரண்டாம் ஆண்டுக்காரி தன்னைச் சொல்வதாகவே நினைக்க மாட்டாள். என் வரி: "நான் பட்டது என்னோடு நிற்கட்டும்."

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

அம்மா, உங்கள் வரி என் சோதனையில் தேறுகிறது. யாரையாவது நிற்க வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது, நாக்கு இடறும். "நான்" என்று இருப்பதும் நல்லது. இதுவரை வந்த போர்டெல்லாம் நிர்வாகம் மேலே நின்று "செய்யாதே" என்று அதட்டுவதுதான். அதட்டுவதைத்தானே அந்தப் பையன் அடுத்தவனிடம் செய்கிறான்.

ஒரு குறை மட்டும். புதிதாக வருகிறவள் இதைப் படித்தால் என்ன நினைப்பாள்? "இங்கே எல்லாரும் பட்டிருக்கிறார்கள் போலிருக்கிறதே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். இது இரண்டாம் ஆண்டுத் தளத்துக்குள்ளே ஒட்ட வேண்டிய வாசகம், வாசலில் அல்ல.

---

கேட்டுக்குவெளியே எழுதியது:

மன்னிக்கவும், வாசகப் போட்டி என்று நினைத்து வந்தேன். என் மகன் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறான். ராகிங் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். அதில் நாமே ஒரு வாசகம் எழுத வேண்டுமா? முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்க வேண்டும்?

---

மூன்றாம்மாடி எழுதியது:

அய்யா, அது வேறு, இது வேறு. உறுதிமொழி antiragging.in தளத்தில் நிரப்புவது. நிரப்பினதும் உங்கள் மகனின் மின்னஞ்சலுக்கு ஒரு பதிவு எண் வரும். அந்த மின்னஞ்சலைக் கல்லூரியின் பொறுப்பு அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாங்களும் வருஷா வருஷம் நிரப்புகிறோம். வாசகம் எதுவும் எழுத வேண்டாம்.

---

கேட்டுக்குவெளியே எழுதியது:

நன்றி தம்பி. உங்கள் விடுதியில் சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனில் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறான்.

---

இரட்டைச்சடை எழுதியது:

அங்கிள், நானும் அப்படித்தான் சொன்னேன். "சாப்பிட்டியா" என்று கேட்காமல் "யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட" என்று கேட்டுப் பாருங்கள்.

---

வடக்குவீதி எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதற்குப் பகிடிவதை என்று பெயர். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, போர்டுகளும் இருக்கின்றன. வார்டன் ஐயா சொன்ன சோதனையைப் படித்தபோது எனக்கு இந்தச் சொல்லே உறுத்தியது. "பகிடி" என்றால் வேடிக்கைப் பேச்சு. பிடிபட்டவன் "வதை இல்லை, வெறும் பகிடிதான்" என்று பாதிச் சொல்லை எடுத்துக்கொண்டு தப்பிவிடுவான். வாசகத்தில் அந்தச் செயலின் பெயரைப் போடாமலே எழுத முடியுமா என்று பாருங்கள். பெயரைப் போட்டவுடன், தான் செய்வது அது இல்லை என்று சொல்ல எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

வடக்குவீதி நல்ல இடத்தில் கை வைத்தார். இரட்டைச்சடை சொன்ன "ரூல்ஸ்" கதையும் அதேதான். பெயர் மாறினால் குற்றமும் மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அப்படியானால் செயலையே பிடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்க விடுதிகளில் எல்லாமே ஆரம்பிப்பது இன்ட்ரோவில்தான். அதன் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? ஜூனியர் பெயர், அப்பா பெயர், ஊர், பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், ஒரு பாட்டு. இவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. எதிரே நிற்கிறவன் தன் பெயரைச் சொல்லவே மாட்டான். "என் பேரு என்னன்னு நீயே கண்டுபிடிச்சுட்டு வா" என்று அதையும் ஒரு தண்டனையாக வைத்திருப்பான். பெயர் தெரியாதவன் மேல் எப்படிப் புகார் கொடுப்பது? விசாரணையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: "உயரமா, தாடி வெச்ச ஒரு அண்ணா சார்." அவ்வளவுதான் அந்தப் பையனால் சொல்ல முடிந்தது. ஆளை அடையாளம் காட்ட முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம் என்று விதிமுறையில் இருக்கிறது. அப்படி ஒரு தடவை செய்தோம். ஒரு தளமே அந்தப் பையனைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது, அடுத்த மாதம் அவன் வெளியே அறை எடுத்துக்கொண்டு போனான்.

ஆகவே வரிசையை மட்டும் திருப்பினால் போதும். சீனியர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். "என் பேர் முதலில், உன் பேர் அப்புறம்." இதைச் செய்துவிட்ட பிறகு ஒருவனை ராகிங் செய்வது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் பெயர் போய்விட்டது. உண்மையாகவே பழக வந்தவனுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

---

பிரிவு4 எழுதியது:

சார், பெற்றோர், ஆசிரியர் விஷயத்தை நான் தப்பாகச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெயர் சொல்வதால் எல்லாம் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. 1996இல் நாவரசு வழக்கு. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டமே வந்தது. அங்கே யார் என்று பெயர் தெரியாமலா இருந்தது? சில பேருக்கு வாசகம் எல்லாம் பத்தாது.

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

அதை மறுக்கவில்லை. அந்த மாதிரி ஆளுக்குச் சுவரெழுத்து எழுதி என்ன பயன்? அவனுக்குச் சட்டமும் இரவு ரோந்தும்தான். வாசகம் யாருக்கு என்றால், பத்துப் பேர் கூடி நிற்கும்போது ஒருவன் செய்ய, மற்ற ஒன்பது பேர் சிரிப்பார்கள் இல்லையா, அந்த ஒன்பது பேருக்கு.

---

கட்டங்கட்டமாய் எழுதியது:

பெயர் என்பதில் ஒன்று விட்டுவிட்டீர்கள். எனக்கு நடந்தது இது. பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். அப்பா பெயர் வந்தது. ஊர் கேட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார்கள். பிறகு கட்-ஆஃப். கட்-ஆஃப் கேட்டதும் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சிரித்தான். என்ன கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் என்னைத் தொடவில்லை. நாலு வருஷமும் அந்தத் தளத்தில் என்னோடு யாரும் ஒரே மேசையில் உட்காரவில்லை.

2016இல் விதிமுறையைத் திருத்தி, சாதி, மதம், நிறம், ஊர் இவற்றை வைத்துக் காயப்படுத்துவதும் ஒதுக்குவதும்கூட ராகிங்தான் என்று சேர்த்தார்கள். நான் படித்து முடித்த பிறகுதான் எனக்கு அது தெரியும். "உன் பேர் அப்புறம்" என்று வாசகத்தை நிறுத்தினால், அதற்கு அப்புறம் என்ன என்பதற்கு இடம் திறந்தே கிடக்கிறது.

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை, தோன்றியிருக்க வேண்டும்.

---

இரட்டைச்சடை எழுதியது:

"என் பேர் முதலில், உன் பேர் மட்டும்"? "அப்புறம்" என்ற ஒரு வார்த்தையை "மட்டும்" ஆக்கினால் ஊர், கட்-ஆஃப், பாட்டு எல்லாம் வெளியே போய்விடுகிறதே.

---

மூன்றாம்மாடி எழுதியது:

"என் பேரைச் சொல்வேன், உன் பேர் மட்டும் கேட்பேன்." இப்படி முழுசாக எழுதிப் பார்த்தேன். அர்த்தம் தெளிவு, ஆனால் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது. இரட்டைச்சடை சொன்னது சின்னதாக இருக்கிறது. ரூமில் ஆறு பேரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கு உடனே புரிந்தது, மற்றவர்கள் "என்ன சொல்ல வர்ற?" என்றார்கள். "ஊரும் கேட்கக் கூடாதுன்னா அப்புறம் எப்படிடா ஊர்க்காரனைக் கண்டுபிடிக்கறது?" என்று ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் தோன்றியது. முதல் வாரம் எனக்கு ஆறுதலாக இருந்ததே எங்கள் ஊர் அண்ணன் ஒருவர்தான்.

---

கட்டங்கட்டமாய் எழுதியது:

உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். ஊரை அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள்.

---

பிரஷ்காரர் எழுதியது:

நான் சுவர் விளம்பரம் எழுதுபவன், இருபது வருஷமாக. இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கே எழுதப் போகிறீர்கள்? காலேஜ்காரர்கள் கூப்பிட்டால் எப்போதும் கேட்டைத்தான் காட்டுவார்கள், ஏனென்றால் ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுவது அதுதான். வார்டன் அய்யா சொன்னபடி சங்கதி நடப்பது மாடிப்படித் திருப்பத்தில். அங்கே எழுதுங்கள். படி ஏறுகிறவன் நாலு அடி தூரத்தில் இருப்பான், பெரிய எழுத்தே வேண்டாம், நாலு அங்குல எழுத்து போதும். நிமிர்ந்தால் கண்ணுக்கு நேராக வரும்படி எழுத வேண்டும். தலைக்கு மேலே எழுதினால் அது போர்டு ஆகிவிடும், போர்டை யாரும் படிப்பதில்லை.

அப்புறம், வாசகம் புரியவில்லை என்று பசங்கள் சொன்னார்கள் அல்லவா. வாசகத்தை மாற்றாதீர்கள், கீழே செய்து காட்டுங்கள். வாசகத்துக்குக் கீழே கோடு போட்டுத் தருகிறேன். அந்தத் தளத்து சீனியர்கள் ஒவ்வொருவரும் தன் பெயர், அறை எண் இரண்டையும் மார்க்கரில் தன் கையெழுத்தில் எழுதட்டும். புதுப்பையன் வந்து நிற்கும்போது "என் பேர் முதலில்" என்பது ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

---

பழைய_துணைவார்டன் எழுதியது:

இத்தனை வருஷம் விடுதியில் இருந்து எனக்கு இது தோன்றவில்லையே! அருமை.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். யூ.ஜி.சி. விதிமுறையில் ஆறு புது மாணவருக்கு ஒரு சீனியர் வழிகாட்டி என்று கணக்கே இருக்கிறது. பெரும்பாலும் அது கோப்பில் மட்டும் இருக்கும். சுவரில் பெயர் எழுதியவர்களில் விருப்பம் உள்ளவரைப் பிரித்து ஆறு பேருக்கு ஒருவராக விடுங்கள். மெஸ்ஸில் முதல் வாரம் கூட உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வேலை, வேறு ஒன்றும் வேண்டாம். இரட்டைச்சடை பிஸ்கட் சாப்பிட்ட வாரம் அது. கீழே ஓரத்தில் 1800-180-5522 என்ற உதவி எண்ணும் இருக்கட்டும், பெயர் சொல்லாமலும் பேசலாம்.

வழிகாட்டியாக வருகிறவனும் ராகிங் செய்யலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நான் பார்த்திருக்கிறேன். ஆறு பேரும் அவன் அறைக்குப் போவதாக இல்லாமல் பொது இடத்தில் சந்திப்பதாக வையுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

நாலு நாள் கழித்து வருகிறேன். துணை வார்டன் சம்மதித்துவிட்டார். சோதனைக்காக மூன்றாம் மாடித் திருப்பத்தில் சார்ட் பேப்பர் ஒட்டி "என் பேர் முதலில், உன் பேர் மட்டும்" என்று எழுதி, கீழே கோடு போட்டு மார்க்கரைக் கட்டித் தொங்கவிட்டோம். தளத்தில் சீனியர்கள் முப்பத்தெட்டு பேர். முதல் நாள் ஐந்து பேர் எழுதினார்கள், அதில் நானும் என் அறைக்காரர்களும் மூன்று பேர். இன்று காலை வரை இருபத்திரண்டு. இரண்டு பேர் நடிகர் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஒருவன் என் பெயரையே இரண்டாவது தடவை எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

எழுதாத பதினாறு பேரில் பத்துப் பேர் இரண்டாம் ஆண்டு. அவர்களை வற்புறுத்தலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். வற்புறுத்தினால் அதுவும் ஒரு மாதிரி ராகிங்தானே என்று ஒருவன் கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை. இரட்டைச்சடையின் வரியை அவர்கள் அறை வரிசையில் ஒட்டியிருக்கிறோம், இதுவரை யாரும் கிழிக்கவில்லை.

---

இரட்டைச்சடை எழுதியது:

எங்கள் விடுதியில் அனுமதி கிடைக்கவில்லை. "பெண்கள் பெயரும் ரூம் நம்பரும் சுவரில் எதற்கு?" என்றார் வார்டன் மேடம். அவர் சொல்வதும் புரிகிறது. அறை எண் இல்லாமல் பெயர் மட்டும் எழுதலாமா என்று கேட்கப் போகிறேன்.

அப்புறம், அந்த "இப்ப நம்ம டர்ன்" செய்திக்குக் கீழே என் பேரைப் போட்டு "நான் இல்லை" என்று எழுதினேன். மூன்று பேர் தனியாக மெசேஜ் பண்ணினார்கள், "நாங்களும் இல்லை" என்று. குழுவில் எழுதுங்கள் என்றேன். இன்னும் எழுதவில்லை.

---

பிரஷ்காரர் எழுதியது:

மூன்றாம் மாடி தம்பி, சுவர் சுண்ணாம்பா, எமல்ஷனா? சுண்ணாம்புச் சுவரில் மார்க்கர் ஊறிவிடும், பெயர் எழுதுகிற இடத்துக்கு மட்டும் ஒரு கோட் எனாமல் அடித்துத் தர வேண்டும். காய ஒரு நாள் ஆகும். 11ஆம் தேதிக்கு முன்னால் சொல்லுங்கள்.